மூலத்தில் உள்ளபடி

எங்கள் தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறக்குவானையோ பலாங்கொடையோ, யட்டியாந்தோட்டையோ தெரணியகலையோ, எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி. படிவத்தின் தலைப்புகளில் தமிழும் அச்சாகி இருக்கக்கூடும். ஆனால் கோடுகளுக்குள்ளே பேனையால் நிரப்பியிருப்பது பெரும்பாலும் சிங்களம். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், தோட்டத்தின் பெயர், நாங்கள் பிறந்த தேதி எல்லாமே சிங்களத்தில். லயத்தில் தகரப் பெட்டிக்குள் இருபது வருசமாகப் பொத்தி வைத்திருக்கும் அந்தத் தாளை, வைத்திருக்கும் அம்மாவாலேயே வாசிக்க ஏலாது.

இது ஏதோ ஒரு கிளார்க்கின் விருப்பத்தால் வந்ததில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை இப்படிச் சொல்கிறது: சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நிர்வாக மொழிகள், ஆனால் பொதுப் பதிவேடுகளைப் பேணுவது வடக்கு, கிழக்கில் தமிழிலும் மற்ற மாகாணங்களில் சிங்களத்திலும். சப்ரகமுவ அந்த 'மற்ற மாகாணங்களில்' வருகிறது. அதே உறுப்புரை இன்னொன்றையும் சொல்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்தில் ஒரு பதிவேட்டின் பிரதியைப் பெற உங்களுக்கு உரிமை இருந்தால், அந்தப் பிரதியை அல்லது அதன் மொழிபெயர்ப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெறவும் உரிமை உண்டு. ஆக மொழிபெயர்ப்பு என்பது சும்மா ஒரு வசதி இல்லை. பதிவேடு எங்கள் மொழியில் இல்லாததற்குச் சட்டமே வைத்திருக்கும் வழி அது.

இருந்தாலும் மொழிபெயர்ப்பு நினைவுக்கு வருவது அவசரத்தில்தான். வெளிநாட்டில் படிப்பு, கணவனிடம் போக விசா, வன்னிப் பக்கம் குடியேறிய சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம். அப்போது பலர் நேராகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போகிறார்கள். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பதிவு பெற்றவர் அவர். டவுனில் நீதிமன்றத்தைச் சுற்றி உள்ள ஒழுங்கைகளில் போர்டு தொங்கும். ஏ.எல். முடித்து, சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்பதால், அவர் தந்த பக்கங்களை எங்களிடம் கொண்டுவந்து "சரியா இருக்கானு பாரு புள்ள" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்துப் பார்த்து நாங்கள் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விசயம். சான்றிதழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே ஒரு வேலைதான்: மூலத்தில் உள்ளதை உள்ளபடி மறு மொழியில் தருவது. மூலத்தில் இருப்பது பிழை என்று அவருக்கே தெரிந்தாலும் அவர் அதைத் திருத்தக்கூடாது. இது வாசிக்கச் சின்ன விசயமாகத் தெரியும். தோட்டத்து ஆட்கள் ஒருவரின் சான்றிதழை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனால்தான் அதன் பாரம் தெரியும். அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவருடையது இல்லை, நாங்கள் பார்த்த பலவற்றைச் சேர்த்துச் செய்த மாதிரி. ஒரு அக்கா, பெயர் முத்துலெச்சுமி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

முதல் சிக்கல் பெயர். தமிழில் க என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று ஒலி. சிங்களத்தில் க வேறு, அழுத்திச் சொல்லும் க வேறு. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அதனால் பதிவாளர் தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதுவதில்லை, காதில் விழுந்ததை எழுதுகிறார். அம்மா 'லெச்சுமி' என்றால் சிங்களத்தில் லெச்சுமியும் வரலாம், லெச்சிமியும் வரலாம், படித்த ஒருவர் எழுதினால் லக்ஷ்மியும் வரலாம். பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'முத்துலட்சுமி' என்று எழுதுவார். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி.

இங்கே இரண்டு வகை வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒலி ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் வேறு. சிங்களத்தில் 'லெச்சுமி' என்று இருந்தால் அதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் பிழை இல்லை. அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் பாஸ்போர்ட்டைப் பார்த்து அதில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பாவிப்பது வழக்கம். ஆகவே கொடுக்கும்போதே பாஸ்போர்ட் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். மற்றது, ஒலியே வேறு. சிங்களத்தில் 'லெச்சிமி', பாஸ்போர்ட்டில் 'லக்ஷ்மி'. இதை அவர் மாற்ற ஏலாது. மாற்றினால் அது மொழிபெயர்ப்பு இல்லை. சிங்களம் தெரிந்த ஒரு அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணனுக்கு அதுதான் நடந்தது. பணம் கொஞ்சம் கூடக் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே மொழிபெயர்ப்பிலும் போடச் செய்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. பெயர் வித்தியாசத்தால் இல்லை, மூலமும் மொழிபெயர்ப்பும் ஒத்துப்போகவில்லை என்று. பெயர் வித்தியாசத்தை ஒரு சத்தியக் கடதாசியால் விளக்கியிருக்கலாம்: இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று. மொழிபெயர்ப்பே நம்பமுடியாததாகிவிட்டால் விளக்க ஒன்றும் மிஞ்சாது. நிரந்தரமாகத் திருத்த வேண்டுமானால் அதற்குப் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவேடு திருந்திய பிறகு புதுப் பிரதி எடுத்து, அதை மொழிபெயர்க்க வேண்டும். வரிசை அதுதான்.

இரண்டாவது, தேதி. எங்கள் சான்றிதழ்களில் 2001.03.04 என்ற மாதிரி வருசம் முன்னால் வரும். நாங்கள் மார்ச் 4 என்று வாசிப்போம். இன்னொரு நாட்டு அதிகாரி ஏப்ரல் 3 என்று வாசிக்கலாம். அதனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் மாதத்தை எழுத்தில் எழுதிவிடுவார். இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு சான்றிதழில் குறைந்தது மூன்று தேதி இருக்கும். பிறந்த தேதி, பதிவு செய்த தேதி, இந்தப் பிரதியை வழங்கிய தேதி. மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, மனசைத் தொடுகிற வரிகள். பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கேள்வி உண்டு. தோட்டத்தில் எத்தனையோ பேர் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, ஊரே சாப்பிட்டு, நாற்பது வருசம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். பதிவு மட்டும் செய்யவில்லை. சான்றிதழில் அந்த இடத்தில் 'இல்லை' என்று இருக்கும். ஒரு அம்மா எங்களிடம் கேட்டார்: "சிங்களத்துல என்னவோ எழுதிட்டுப் போறாங்க. இங்கிலீசுல எழுதுறப்பவாவது ஆமானு போட ஏலாதா தம்பி?" அந்தக் கேள்விக்கு நியாயமில்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பதில் ஏலாது என்பதுதான். மூலத்தில் 'இல்லை' என்றால் மொழிபெயர்ப்பிலும் 'இல்லை'. மூலத்தில் கோடு போட்டிருந்தால் கோடு. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் [வெற்றிடம்] என்று அடைப்புக்குள் போட வேண்டும். இந்த மூன்றும் வேறு வேறு. வெற்றிடத்தை 'இல்லை' என்று நிரப்புவதும் பொய்தான்.

இனம் என்ற இடமும் அப்படித்தான். எங்களில் பலரின் சான்றிதழில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நேராக 'இந்தியத் தமிழர்' என்று பொருள்படும் சிங்களச் சொல் இருக்கிறது. நாங்கள் எங்களை மலையகத் தமிழர் என்று சொல்கிறோம், அதற்காகப் பேசுகிறோம், எழுதுகிறோம். மொழிபெயர்ப்பாளர் அப்படி எழுத முடியாது. பதிவேட்டில் அன்று எழுதிய சொல் எதுவோ அதுதான் வரும். தோட்டத்துப் பிறப்பைத் தோட்ட நிர்வாகம் அறிவித்திருந்தால் அறிவித்தவர் இடத்தில் தோட்ட அத்தியட்சகர் என்று இருக்கும். அதைத் 'துரை' என்றோ 'தோட்ட உரிமையாளர்' என்றோ எழுதக்கூடாது. தோட்டத்தின் பெயரும் பதிவில் உள்ளபடி. நாங்கள் ஊருக்குள் கூப்பிடுகிற தமிழ்ப் பெயர் வேறாக இருக்கலாம், மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று நாங்கள் பிரிப்பது தாளில் வேறு மாதிரி இருக்கலாம். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

தாளின் தலைப்பையும் இதே கண்ணால் பாருங்கள். பிறப்பே பதியாமல் விட்ட வயதான சிலரிடம் இருப்பது பிறப்புச் சான்றிதழ் இல்லை, உத்தேச வயதுச் சான்றிதழ். அதை மொழிபெயர்த்து மேலே 'பிறப்புச் சான்றிதழ்' என்று போட்டால் முதல் வரியிலேயே பிழை.

அடுத்தது முத்திரைகள். இதில்தான் அதிகமான மொழிபெயர்ப்புகள் குறைபட்டு இருப்பதைக் கண்டோம். எழுத்தை எல்லாம் மொழிபெயர்த்துவிட்டு, ரவுண்டு சீலையும் கையெழுத்தையும் அப்படியே விட்டுவிடுவார்கள். வாசிக்கிற அதிகாரிக்கு அந்தச் சீலில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். யார் இதை வழங்கினார், அதிகாரம் உள்ளவரா என்பது அதில்தான் இருக்கிறது. முத்திரையை வரையவோ ஒட்டவோ வேண்டாம். அது இருந்த இடத்திலேயே சதுர அடைப்புக்குள் ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

இங்கே தமிழுக்கு ஒரு சொந்தப் பிரச்சினை இருக்கிறது. தபால் ஸ்டாம்பும் முத்திரை, கந்தோரில் குத்தும் சீலும் முத்திரை, தாளைப் புடைக்க வைத்து அழுத்துவதும் முத்திரை. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இந்த மூன்றும் மூன்று சொல். தமிழுக்கு மாற்றும்போதும் பிரித்துச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் முத்துலெச்சுமி அக்காவின் சான்றிதழில் குறிப்புகள் இப்படி இருக்கும்:

[மேலே நடுவில்: இலங்கை அரச இலச்சினை]

[கீழே வலது பக்கம், ரப்பர் முத்திரை, நீல மை: "மேலதிக மாவட்டப் பதிவாளர்"]

[கையொப்பம்: வாசிக்க முடியவில்லை]

[வட்டமான புடைப்பு முத்திரை: எழுத்துகள் தெளிவில்லை]

[ஒட்டு முத்திரை ஒன்று, மேலே தேதிக் குறி]

[பின்பக்கம்: வெற்று]

ஒவ்வொரு குறிப்பும் நாலு கேள்விக்குப் பதில் சொல்கிறது: எங்கே, எந்த வகை, என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு தெளிவு. கையெழுத்தைப் பார்த்து ஆளை ஊகித்துப் பெயர் போடக்கூடாது. கீழே பெயர் தனியாக அச்சாகி இருந்தால் அதை மட்டும் எழுதலாம்.

மங்கிய முத்திரையில்தான் மொழிபெயர்ப்பாளரின் நேர்மை தெரியும். மை பாதி பிடித்து, ஊர்ப் பெயரில் கடைசியில் '...கல' என்று மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்களத்தில் தெரணியகலையும் 'கல' என்றுதான் முடியும், நிவித்திகலையும் 'கல' என்றுதான் முடியும். ஒன்று கேகாலை மாவட்டம், மற்றது இரத்தினபுரி மாவட்டம். ஆள் தெரணியகலைப் பக்கம்தானே என்று ஊகித்து முழுப் பெயரையும் எழுதினால், பிரதியை வேறு இடத்தில் எடுத்திருக்கும் பட்சத்தில் எல்லாம் பிழைத்துவிடும். சரியான குறிப்பு: [ரப்பர் முத்திரை, பகுதியாக மங்கியது: "...கல"]. அதைவிடச் சரியான வழி, பதிவுப் பிரிவில் புதுப் பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு போவது.

புடைப்பு முத்திரைக்குத் தனிக் கவனம் வேண்டும். போட்டோ கொப்பியில் அது விழாது. போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்திலும் பெரும்பாலும் தெரியாது, ஓரமும் வெட்டுப்பட்டுப் போகும். அதனால் மொழிபெயர்ப்பாளரிடம் மூலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், அல்லது விரலால் தடவினால், புடைப்பு இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். அது மூலத்தில் இருந்து மொழிபெயர்ப்பில் குறிப்பு இல்லாவிட்டால், அவர் மூலத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் வருவது மொழிபெயர்ப்பாளரின் கூற்று. பலர் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பந்தி இல்லாவிட்டால் மேலே உள்ளதெல்லாம் யாரோ தட்டச்சு செய்த ஒரு தாள்தான். ஒரு நல்ல கூற்று தமிழில் எழுதினால் இப்படி இருக்கும். ஆங்கிலத்திலும் இதே பொருள்தான் வர வேண்டும்:

"(முழுப் பெயர்) ஆகிய நான், (இடம்) மாவட்ட நீதிமன்றத்தின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்றும், சிங்களம், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் தேர்ச்சி உடையவர் என்றும், (இலக்கம்) இலக்கமுடைய பிறப்புப் பதிவின் சான்றிதழ் மூலத்தைப் பார்வையிட்டேன் என்றும், மேலே உள்ள (எண்ணிக்கை) பக்கங்களும் அதன் முழுமையானதும் சரியானதுமான மொழிபெயர்ப்பு என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன். சதுர அடைப்புக்குள் உள்ளவை மொழிபெயர்ப்பாளரின் குறிப்புகள். மூலத்தில் உள்ள விபரங்களின் உண்மை பற்றி இக்கூற்று எதையும் உறுதிப்படுத்தவில்லை."

அதற்குக் கீழே தேதி, கையொப்பம், முழுப் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அவருடைய சொந்த முத்திரை.

ஒவ்வொரு சொல்லும் எதற்கு என்று பார்ப்போம். 'தேர்ச்சி உடையவர்' என்பதை அமெரிக்கக் குடிவரவு விதி நேரடியாகவே கேட்கிறது: மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, செய்தவர் அதற்குத் தகுதியானவர் என்ற மூன்றையும் மொழிபெயர்ப்பாளர் உறுதிப்படுத்த வேண்டும். பிரித்தானிய விசாவுக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதியோடு, மொழிபெயர்த்த தேதி, முழுப் பெயர், கையொப்பம், தொடர்புகொள்ளும் விபரம் வேண்டும். தொடர்புகொள்ளும் விபரம் இல்லாத கூற்று அங்கே குறைபாடுதான். 'மூலத்தைப் பார்வையிட்டேன்' என்பது உண்மையாக இருக்க வேண்டும். போட்டோ கொப்பியைப் பார்த்துச் செய்திருந்தால் 'பிரதியைப் பார்வையிட்டேன்' என்றுதான் எழுத வேண்டும். 'முழுமையான' என்ற சொல்லைப் போட்டுவிட்டு முத்திரைகளை விட்டால் கூற்றே பிழையாகிறது. பக்க எண்ணிக்கை, பின்னால் யாரும் தாள் மாற்றாமல் இருக்க. அதற்காகவே ஒவ்வொரு பக்கத்திலும் அவர் சுருக்கொப்பம் வைத்து, மூலத்தின் பிரதியையும் சேர்த்துப் பின் அடிப்பார்.

கடைசி வாக்கியத்தைத்தான் எங்கள் ஆட்களுக்கு அதிகம் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் "இது சரியாக மொழிபெயர்க்கப்பட்டது" என்கிறார். "இதில் உள்ளது உண்மை" என்று அவர் சொல்லவில்லை. அந்த அம்மாவிடமும் நாங்கள் இதைத்தான் சொன்னோம். அந்த 'இல்லை' மொழிபெயர்ப்பாளரின் தீர்ப்பும் இல்லை, பிள்ளைகளின் தீர்ப்பும் இல்லை. அன்று பதிவேட்டில் விழுந்த ஒரு சொல். அதை மாற்ற வேண்டுமானால் பதிவாளரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அங்கயே போய்க் கேக்குறேன்" என்றார்.

ஜே.பி. பற்றியும் ஒரு வார்த்தை. சமாதான நீதவான் போட்டோ கொப்பியைப் பார்த்து 'உண்மைப் பிரதி' என்று கையெழுத்து வைப்பார். அது பிரதி மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பதற்கு மட்டும். மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சியும் கேட்கப்படலாம். மூலத்தில் அந்த முத்திரை விழ வேண்டும் என்றால் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் [பின்பக்கம்: வெற்று] என்று எழுதிய மொழிபெயர்ப்போடு, பின்பக்கத்தில் புது முத்திரை உள்ள மூலத்தைக் கொடுக்க வேண்டி வரும். எந்தத் தாளில் அத்தாட்சி வேண்டும் என்பதைக் கேட்கும் அலுவலகத்திடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பை வாங்கும்போது காசு கொடுக்க முன்னம் அந்த மேசையிலேயே உட்கார்ந்து இதை மட்டும் செய்யுங்கள். மூலத்தில் எத்தனை முத்திரை, எத்தனை கையெழுத்து என்று எண்ணுங்கள். மொழிபெயர்ப்பில் எத்தனை சதுர அடைப்பு என்று எண்ணுங்கள். குறைந்தால் கேளுங்கள். பிறகு மூன்று தேதி, பதிவு இலக்கம், மூன்று பெயர்: உங்களுடையது, அப்பாவுடையது, அம்மாவுடையது. சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் அவரையே மூலத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் மொழிபெயர்ப்பில் பார்த்துக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும்தான் மொழிபெயர்ப்பு என்றும் இல்லை. 22ஆவது உறுப்புரையில் தமிழும் இருக்கிறது. அடுத்த முறை பதிவுப் பிரிவுக்குப் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றையும் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஏலாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.